வட்ட நிழலின் நடுவில் ஒளிப்புள்ளி: விளிம்பு வளைத்தால் போதாதா?

கோண்டாவில் மாணவி
உருண்டைப் பொருளின் நிழலுக்கு நடுவில் வெளிச்சப் புள்ளி வரும், அது ஒளி அலை என்பதற்குச் சான்று என்று வகுப்பில் சேர் சொன்னார். விளிம்பில் ஒளி வளைந்து உள்ளே வந்தாலே போதும்தானே? அலை எதற்கு?

சுன்னாகம் மணி
போதும் தங்கச்சி. ஒளி துகள்களால் ஆனது, விளிம்பு அந்தத் துகள்களை இழுத்துத் திருப்பும் என்றுதான் நியூட்டன் வழி வந்தவர்கள் சொன்னார்கள். வட்ட விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் திருப்பினால் எல்லாம் நடுவில் வந்து கூடும். பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் போட்டிக்குப் பிரெனெல் அனுப்பிய அலைக் கணக்கு சரியென்றால் நடுவில் வெளிச்சம் வரவேண்டும், அது நடக்கிற காரியமா என்று நடுவர் புவாசோன் கேட்டார். இன்னொரு நடுவரான அராகோ 2 மில்லிமீற்றர் உலோகத் தட்டைக் கண்ணாடியில் மெழுகால் ஒட்டிச் செய்து பார்த்தார், புள்ளி வந்தது. பிரெனெலுக்கு 1819இல் பரிசும் கொடுத்தார்கள். ஆனால் நடுவர்களில் ஒருவரான பியோ அதன் பிறகும் துகள் பக்கமே நின்றார். அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை.

வல்வை வில்லை
மணி அண்ணை, வரலாறு சரி, விளக்கம் நிற்காது. விளிம்பு ஒரே கோணத்தில் திருப்பினால் கதிர்கள் ஒரே ஒரு தூரத்தில்தான் சந்திக்கும். திரையை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்திப் பாருங்கள், புள்ளி எல்லாத் தூரத்திலும் நடுவிலேயே இருக்கும்.

சுன்னாகம் மணி
விளிம்புக்குக் கிட்டப் போகும் துகள் கூடத் திரும்பும், எட்டப் போவது குறையத் திரும்பும். அப்ப எல்லாத் தூரத்திலும் சந்திக்கலாமே.

இளவாலை ரவி
எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே. மத்தியான வெயிலில் மொட்டை மாடியில் நாணயத்தைப் பிடித்தேன். நிழல் நடுவில் வெறும் கறுப்பு.

வல்வை வில்லை
ரவி, வெயிலில் வராது. சூரியன் அரைப் பாகை அகலம். அதன் ஒவ்வொரு இடமும் தன் புள்ளியைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடும். திரை 2 மீற்றரில் இருந்தால் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2 சென்ரிமீற்றருக்குப் பரவி அழிந்துவிடும். நாணய விளிம்பில் பல்லும் இருக்கிறது. அந்த அளவு தட்டுக்கு விளிம்பு ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு பிசகினாலே காரியம் கெடும்.

சைக்கிள் முன்சில்லு பேரிங் குண்டு எடுங்கள், 4.8 மில்லிமீற்றர், நல்ல உருண்டை. துளி பசையில் கண்ணாடியில் ஒட்டுங்கள், பசை குண்டைச் சுற்றி வெளியே பிதுங்கக் கூடாது. சிவப்பு லேசரைச் சிறு வில்லையால் விரித்து, வில்லையிலிருந்து குண்டுக்கு 1 மீற்றர், குண்டிலிருந்து திரைக்கு 2 மீற்றர் வையுங்கள். புள்ளி 0.4 மில்லிமீற்றர்தான் இருக்கும். அதனால்தான் பலர் அதைக் காணாமல் விடுகிறார்கள்.

மணி அண்ணை, உங்கள் கேள்வி நியாயமானது. அதற்குத் தூரம் பதில் சொல்லாது, வெளிச்சத்தின் அளவு சொல்லும். ஒரு கறுப்பு மட்டையின் நேர் விளிம்பு குண்டின் மையத்தோடு பொருந்தும்படி வைத்துப் பாதிப் பக்கத்தை மறையுங்கள். துகள்கள் திரும்பி வருகின்றன என்றால் பாதித் துகள்கள் வரும், நடுப்புள்ளியின் வெளிச்சமும் பாதியாகும். அலை என்றால் அங்கே வந்து சேரும் வீச்சம் பாதியாகும். வெளிச்சம் வீச்சத்தின் வர்க்கம், ஆகவே கால்வாசி.

அளக்கக் கருவி தேவையில்லை. தொலைபேசிக் கமராவைக் கைமுறைக்கு மாற்றி, மறைக்காமல் 1/200 செக்கனில் ஒரு படம் எடுங்கள். மறைத்த பிறகு 1/100இல் அதே வெளிச்சம் வந்தால் நீங்கள் சரி, 1/50 வேண்டியிருந்தால் பிரெனெல் சரி. புள்ளி ஒரு பக்கமாக நீளும், அதனால் அதன் மையத்தை மட்டும் ஒப்பிடுங்கள். கமராவைத் தானாகச் சரிசெய்ய விட்டால் இரண்டு படமும் ஒரே மாதிரி வந்து ஏமாற்றும்.

சுன்னாகம் மணி
கால்வாசி என்பது வலுவான வாதம், துகளை எப்படித் திருப்பினாலும் அது வராது. ஆனால் 2009இல் டியூட்டீரியம் மூலக்கூறுக் கற்றையிலும் இதே புள்ளியைக் கண்டார்கள். மூலக்கூறு துகள்தானே? அப்ப புள்ளி வந்தாலே ‘இது துகள் இல்லை’ என்று எப்படி எழுதுவது?

வல்வை வில்லை
எழுத முடியாது. விளிம்பைச் சுற்றி வரும் ஒவ்வொரு வழியின் வீச்சமும் முதலில் கூடுகிறது, பிறகுதான் வர்க்கமாகிறது. புள்ளி காட்டுவது அதைத்தான். பந்து போலப் பறக்கும் துகளை அது தள்ளிவிடுகிறது. வந்து விழும்போது ஒளி ஒவ்வொன்றாக விழுவதை அது தள்ளவில்லை.

சுன்னாகம் மணி
அப்படியென்றால் ‘அலை என்பதற்குச் சான்று’ என்று வகுப்பில் சொல்வது அரைவாசிதான். அதை நான் விடமாட்டேன்.

கோண்டாவில் மாணவி
எங்கள் ஆய்வுகூடத்தில் பச்சை லேசர்தான் இருக்கிறது. அதில் வருமா அண்ணா?

வல்வை வில்லை
வரும். அலைநீளம் குறைவதால் புள்ளி 0.34 மில்லிமீற்றருக்குச் சுருங்கும். சிவப்பு ஒன்றையும் இரவல் வாங்கி இரண்டையும் ஒப்பிடுங்கள். பச்சை லேசர் ஒட்டுத்தாளில் எழுதியதைவிடப் பலமாக இருப்பதுண்டு, திரையை மட்டும் பாருங்கள், கற்றைப் பக்கம் கண்ணை வைக்க வேண்டாம்.