தேதி தாண்டிய முட்டை: வைத்துக்கொள்ளலாமா?

கும்பகோணத்தில் வாங்கிய 12 முட்டை அட்டைப்பெட்டி ஒன்று ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஒதுங்கிக் கிடந்து இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது, இன்னும் ஏழு முட்டை இருக்கிறது. பெட்டியில் பேக்கிங் தேதி ஜூன் 2 என்று இருக்கிறது, காலாவதித் தேதி தனியாக இல்லை, ‘பேக் செய்ததிலிருந்து 14 நாள்’ என்று பொடி எழுத்தில் மட்டும் போட்டிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் ஜூன் 16 ஆகிறது, இன்று 22.

பேக்கிங் தேதி கோழி முட்டையிட்ட நாள் இல்லை என்பது தெரியும். நாமக்கல் பக்கமிருந்து வந்து, கடையில் வெளியிலேயே அடுக்கியிருந்தார்கள், நான் 5ஆம் தேதி வாங்கி அன்றே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். நடுவில் ஒருநாள் மின்சாரம் ஆறு மணி நேரம் இல்லை, அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஐந்து முட்டை அடியில் இருந்தபடி மெல்ல நிமிர்ந்து நின்றன, ஒன்று படுத்தே கிடந்தது, ஒன்று மட்டும் மேலே மிதந்தது. ஓட்டின் துளைகள் வழியாக ஈரம் போய் உள்ளே காற்று கூடுவதால்தான் மிதக்கிறதாம், அதாவது வயதைத்தான் சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. மிதந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

மிச்சம் ஆறையும் தனித்தனியாகக் கிண்ணத்தில் உடைத்து, வாடை பார்த்து, மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்துக் குழம்பில் போடலாமா? ஆஃப்பாயில் எண்ணம் இல்லை. கோழிப்பண்ணை அல்லது முட்டைக்கடை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வெளியில் இருந்த அந்த மூன்று நாளை எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள்?