ட்யூப்லைட்டை எல்இடியா மாத்தினா போட்ட காசு எத்தனை வருஷத்துல வரும்?

சரவணன்: வீட்டுல 6 பழைய 40 வாட்ஸ் ட்யூப்லைட். கனமான காப்பர் சோக், ஸ்டார்ட்டர் உள்ளது. தினம் 5 மணி நேரம் எரியும். ரெண்டு மாசத்துக்கு 540 யூனிட் வருது. 20 வாட்ஸ் எல்இடி பேட்டன், வயரிங் கூலி எல்லாம் சேர்த்து ஒண்ணுக்கு 350 சொல்றாங்க. மொத்தம் 2,100. மாத்தலாமா?

மணி: 40ல 20 போனா 20 மிச்சம். ஆறுக்கும் 120 வாட்ஸ், ரெண்டு மாசத்துல 36 யூனிட். பில்லை யூனிட்டால வகுத்தா 4 ரூபாய் சொச்சம். அப்போ ஒரு பில்லுக்கு 150தான் குறையும், ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும்.

கலா: மணி சார், சோக்கை விட்டுட்டீங்க. காப்பர் சோக் சூடாகியே 12 வாட்ஸ் போல தின்னும், ஆக ஒரு லைட்டுக்கு 52. மிச்சம் 32 வாட்ஸ். 6 × 32 × 5 × 60 போட்டா 57.6 யூனிட்.

சராசரி விலையும் இங்க ஒத்துவராது. குறையுறது மேல் ஸ்லாப் யூனிட்தான். 500க்கு மேல உள்ள 40 யூனிட் 8.40 வீதம் 336 ரூபாய், அடுத்த 17.6 யூனிட் 6.30 வீதம் 111. அதோட 500க்குள்ள வந்துட்டா 101-200 யூனிட்டுக்கு 4.70க்குப் பதிலா 2.35தான், அதுல 235. மொத்தம் 682. மூணு பில் சொச்சத்துல காசு வந்துடும். இதே 300 யூனிட் வீடுன்னா பில்லுக்கு 271தான், எட்டு பில் ஆகும்.

ஹமீது: எங்க வீட்டுல 28 வாட்ஸ் மெல்லிசு ட்யூப், எலக்ட்ரானிக் சோக். மாத்தலாமா?

கலா: உங்களுக்கு 10 வாட்ஸ் போலதான் மிச்சம். ஃப்யூஸ் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம். சரவணன், ஆறுமே 5 மணி நேரம் எரியுதா?

சரவணன்: இல்லீங்க, ஹால், கிச்சன், வராண்டா மூணுதான். பெட்ரூம்ல எல்லாம் ஒரு மணி நேரம் இருக்கும்.

கலா: அப்போ கணக்கே மாறுது. 34.6 யூனிட்தான் குறையும், பில் 505ல நிக்கும். அந்த 235 கிடைக்காது. 290 ரூபாய் மிச்சம், ஏழெட்டு பில் ஆகும். முதல்ல அந்த மூணை மட்டும் மாத்துங்க: 1,050 செலவு, பில்லுக்கு 242 மிச்சம், ஒன்பது மாசத்துல வந்துடும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாருங்க. ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாத்தையும் அணைச்சிட்டு ஆறு ட்யூபை மட்டும் போடுங்க. மீட்டர்ல 3200 imp/kWhனு இருந்தா, சிவப்பு லைட் நிமிஷத்துக்கு 16, 17 தடவை மின்னணும். 12தான் மின்னுதுன்னா உங்க சோக் அவ்வளவு இழுக்கலை.

மணி: பழைய ஃபிட்டிங்லயே எல்இடி ட்யூப் மாட்டினா கூலி மிச்சமே?

கலா: சோக்கை லைன்ல இருந்து எடுத்து, ஸ்டார்ட்டரைக் கழட்டினா சரி. சோக் இருந்தா சிலது மினுக்கும், சிலது எரியவே எரியாது. ஒரு முனையில மட்டும் சப்ளை எடுக்குற ட்யூபான்னு அட்டைப்பெட்டியில உள்ள படத்தைப் பார்த்துட்டு மாட்டுங்க.

சரவணன்: மீட்டர்ல 15 மின்னுச்சு. மூணு பேட்டன் வாங்குறேன். பில்லை 500 யூனிட்டுக்குள்ள கொண்டு வர வேற வழி இருக்கா?

ஹமீது: மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுது?