பிரீமியத்தில் வாங்கிய பாண்ட்: 7 சதவீதமா, 5.94 சதவீதமா?

ஒரு தனியார் நிறுவனத்தின் பாண்ட், முகமதிப்பு 1,000 ரூபாய், கூப்பன் 9 சதவீதம், வருடத்துக்கு ஒரு தடவை வட்டி, முதிர்வுக்குச் சரியாக 5 வருடம். 1,082 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் ஈட்டம் 5.94 சதவீதம் என்று தரகரின் சீட்டில் இருக்கிறது, எனக்கு அது வரவே இல்லை.

90-ஐ 1,082-ஆல் வகுத்தால் 8.32, ஆனால் கடைசியில் 1,000 தான் திரும்பும், 82 ரூபாய் கரைந்துபோவது அதில் வராது. அதனால் எக்செலில் போட்டேன்:

```
=RATE(5,90,-1082,1000)
```

7.00 சதவீதம் வந்தது. சேர்ந்த வட்டியா என்று பார்த்தால், வட்டி கொடுத்த நாளிலேயே வாங்கியதால் அதுவும் இல்லை. தரகுக் கட்டணமா? 5.94 வரவேண்டுமானால் விலை கிட்டத்தட்ட 1,129 ஆக இருக்க வேண்டும், அவ்வளவு கட்டணம் யாரும் பிடிக்கவில்லை.

அப்புறம் வெளியீட்டு ஆவணத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: இன்றிலிருந்து 3 வருடம் கழித்து 1,000 ரூபாய் கொடுத்து நிறுவனமே பாண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 5-க்குப் பதில் 3 போட்டால் அச்சு அசலாக 5.94. அதே 82 ரூபாய் மூன்றே வருடத்தில் கரைவதால் ஈட்டம் இறங்குகிறது, அது புரிகிறது. ஆனால் எடுப்பதும் விடுவதும் அவர்கள் இஷ்டம்.

இதே பாண்டில் இன்னும் கொஞ்சம் வாங்கலாமா என்று வங்கி வைப்பு வட்டியோடு ஒப்பிட, 7.00, 5.94 இரண்டில் எதை எடுத்துக்கொள்ள வேண்டும்?