பழைய மெயில் ஐடி போயே போச்சு, ஜிமெயிலுக்கு ரெக்கவரி அதுதான். ஆபத்தா?

குலசேகரம்காரன்: ரப்பர் ஷீட் கடைக் கணக்கு, பில் எல்லாம் ஒரே ஜிமெயிலில்தான். நேற்று செட்டிங்ஸைப் பார்த்தால் ரெக்கவரி மெயிலாக 2009-ல் மார்த்தாண்டத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் தொடங்கிய இலவச மெயில் ஐடி கிடக்கிறது. வேறொரு கம்பெனியுடையது, பத்து வருஷமாகத் திறக்கவே இல்லை. அதற்கு ஒரு மெயில் அனுப்பினேன், `550 5.1.1` என்று திரும்பி வந்துவிட்டது. இதை வேறு யாராவது எடுக்க முடியுமா?

தக்கலை அக்கா: பாஸ்வேர்டு மறந்துவிட்டதா தம்பி? ‘Forgot password’ அழுத்திப் பாருங்கள்.

குலசேகரம்காரன்: இல்லை அக்கா, அந்த ஐடியே இப்போது இல்லை.

நாகர்கோவில் ராஜன்: போன் நம்பரும் கொடுத்திருப்பீர்கள்தானே? ஓடிபி அங்கேதான் வரும், பயப்படாதீர்கள்.

பழைய சர்வர்: ராஜன் சொல்வது பாதிதான் சரி. போன் இருந்தாலும் ரெக்கவரி மெயில் தனி வழியாகத் திறந்தே இருக்கும். எந்த போனிலிருந்து, எந்த ஊரிலிருந்து கேட்கிறார்கள் என்று கூகுள் பார்க்கும், ஆனால் அதை நம்பி விடக் கூடாது. `550 5.1.1` என்றால் இப்போதைக்கு அந்தப் பெயரில் பெட்டி இல்லை. அதே பெயரை இன்னொருவருக்குக் கொடுப்பார்களா என்பது கம்பெனியைப் பொறுத்தது. யாஹூ 2013-ல் ஒரு வருஷத்துக்கு மேல் திறக்காத பெயர்களை வெளிப்படையாகவே மறுபடி விட்டது. கூகுளோ அழித்த ஜிமெயில் பெயரை யாருக்கும் தருவதில்லை.

எடுத்தவனுக்கு உங்களை எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். அவன் தேடவே வேண்டாம். நீங்கள் புது போனில் லாகின் செய்தால், பாதுகாப்பு எச்சரிக்கை ரெக்கவரி மெயிலுக்கும் போகும், அதில் உங்கள் ஜிமெயில் முகவரி இருக்கும். அப்புறம் ‘Forgot password’ போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம்?

நாகர்கோவில் ராஜன்: அப்போ அதே பெயரை நாமே மறுபடி பதிவு செய்துவிட்டால்?

பழைய சர்வர்: கிடைத்தால் எடுத்து வைக்கலாம், மறந்துபோன வேறு கணக்குகளுக்கும் அது காவல். ஆனால் முதலில் `myaccount.google.com/security` போய் ரெக்கவரி மெயிலை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய முகவரிக்கே குறியீடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் காட்டலாம். அந்த வாரம் எச்சரிக்கை எதுவும் வந்தால் அலட்சியம் வேண்டாம்.

கொல்லங்கோடு: எங்கள் கதை வேறு. கடை பெயரில் டொமைன் வாங்கி அதிலேயே மெயில் வைத்திருந்தோம். புதுப்பிக்க மறந்தோம், யாரோ வாங்கிவிட்டார்கள். அந்த டொமைனுக்கு எந்தப் பெயரில் மெயில் வந்தாலும் இப்போது அவர்களுக்குத்தான்.

குலசேகரம்காரன்: மாற்றிவிட்டேன் அண்ணே. பழைய பெயரைப் பதிவு செய்யப் பார்த்தால் ‘ஏற்கெனவே உள்ளது’ என்கிறது. ஆனால் மெயில் திரும்பி வந்ததே?

பழைய சர்வர்: பெயரைப் பூட்டி வைத்திருக்கலாம், இல்லை இடையில் யாரோ எடுத்திருக்கலாம். இன்னொரு மெயில் அனுப்புங்கள். திரும்பி வராவிட்டால் ஆள் இருக்கிறான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தீர்களா?

குலசேகரம்காரன்: மூன்று கணக்கு மாட்டியது. ஒன்று பேஸ்புக். அதைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.