சென்செக்ஸை பத்து கிராம் தங்கத்தின் விலையால் வகுத்துப் பார்த்து, தங்கமா பங்கா என்று முடிவெடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

கொங்குக்காரன்: 2025 ஏப்ரலில் பத்து கிராம் லட்சத்தைத் தொட்ட அன்று சென்செக்ஸ் 79,500 பக்கம். வகுத்தால் 0.8. ஒன்றுக்குக் கீழே போனால் தங்கம் ஏறிப்போய் நிற்கிறது என்றுதானே கணக்கு? மகள் நகைக்காகக் கடைப் படியேறிய வீட்டம்மாவைத் திருப்பிக் கூட்டிவந்தேன். அக்டோபரில் பத்து கிராம் சுமார் 1,30,000, சென்செக்ஸ் 84,000தான். விகிதம் 0.65. "உங்க புள்ளி எட்டு சௌக்கியமா?" என்று இன்றுவரை கேட்கிறாள்.

பழைய முதலீட்டாளர்: எனக்குப் பலித்தது. 2013 ஆகஸ்டில் சென்செக்ஸ் 18,000, தங்கம் 33,000 பக்கம், விகிதம் 0.55. கையிலிருந்த தங்கக் காசுகளை விற்று இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டேன். வங்கியில் வாங்கிய காசை அந்த வங்கியே திரும்ப எடுக்காது என்பது அன்றுதான் தெரிந்தது. நகைக்கடைக்காரர் உரசிப் பார்த்துக் கழித்துக்கொண்டு கொடுத்தார். 2015 மார்ச்சில் சென்செக்ஸ் 30,000-ஐத் தொட்டது, தங்கம் இறங்கியிருந்தது.

மயிலாப்பூர் மாமி: கொங்குக்காரன், அதே ஏப்ரலில் எனக்கு 1.07 வந்ததே! பவுன் 74,000 என்று போட்டேன். மலிவு என்று வாங்கினேன், லாபம்தான்.

கணக்கர்: மாமி, தப்பான கணக்கில் சரியான இடத்துக்குப் போயிருக்கிறீர்கள். பவுன் என்பது 22 கேரட்டில் 8 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.33 கிராம்தான். எல்லோரும் சொல்லும் 'ஒன்று', 24 கேரட் பத்து கிராமுக்கு. பவுன் விலையால் வகுத்தால் விடை ஒன்றேகால் மடங்குக்கும் மேலே ஊதும்.

இன்னொன்று. நம்மூர் விலைக்குள் டாலர் மதிப்பும் இறக்குமதி வரியும் ஒளிந்திருக்கின்றன. 2024 ஜூலை பட்ஜெட்டில் வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆனதும் பவுனுக்குச் சுமார் 2,000 ரூபாய் இறங்கியது. உலகச் சந்தையில் தங்கம் மலிந்துவிடவில்லை, ஆனால் விகிதம் ஏறியது. சென்செக்ஸில் டிவிடெண்டும் சேராது. அதனால் 1995 விகிதத்தையும் இன்றையதையும் அப்படியே பக்கத்தில் வைக்கக்கூடாது.

கொங்குக்காரன், 0.8 பொய் சொல்லவில்லை. பங்கோடு ஒப்பிட்டால் தங்கம் ஏறியிருக்கிறது என்றது, அவ்வளவே. எப்போது திரும்பும் என்று அதற்குத் தெரியாது. தவிர, கல்யாண நகைக்கு இதைப் பார்ப்பதே வீண். வாங்கியே ஆக வேண்டிய பொருளை மாதம் கொஞ்சமாகச் சேருங்கள், செய்கூலி, சேதாரத்தில் பேரம் பேசுங்கள்…

புதுசு: அப்போ நகையை அடகு வைத்து ஷேர் வாங்கலாமா?

பழைய முதலீட்டாளர்: வேண்டாம் தம்பி. 0.65 இன்னும் 0.5-க்குப் போனால் வட்டியை யார் கட்டுவது? கணக்கரே, டிவிடெண்ட் சேராவிட்டாலும் எனக்கு 2013-ல் வேலை செய்ததே?

கணக்கர்: 2025-ல் கொங்குக்காரனுக்குச் செய்யவில்லையே.

கொங்குக்காரன்: மகள் கல்யாணம் தை மாதம். நாளைக்கு வீட்டம்மாவோடு கடைக்குப் போகிறேன், கால்குலேட்டர் இல்லாமல்.