ஆற்காட்டில் சரி, பிளேடில் தவறு: உருபன் பகுப்பாய்வியில் ஒற்று இரட்டிப்பு

நண்பர்களே, வேலூர் வட்டாரச் செய்திகளுக்காக ஃபோமாவில் ஒரு பெயர்ச்சொல் பகுப்பாய்வி எழுதி வருகிறேன். ஒற்று இரட்டிப்பதற்கான விதி இது:

```
define Ned A|I|U|E|O ;
define Iratti [..] -> T || Ned _ T u "^" ;
```

இது உகரம் கெடும் விதிக்கு முன்பே ஓடுகிறது. ஆற்காடு + இல் ‘ஆற்காட்டில்’ எனச் சரியாக வருகிறது. கார்டில் ‘டு’வுக்கு முன்னால் ‘ர்’ இருப்பதால் ‘கார்டில்’ தப்பிவிடுகிறது.

சிக்கல் பிளேடில்தான். மக்கள் எழுதும் ‘பிளேடால்’ பகுபடாமல் நிற்கிறது. அதைவிட மோசம், சாப்பாட்டுப் பிளேட்டைக் குறிக்கும் ‘பிளேட்டில்’ சவரப் பிளேடு என்று பிரிகிறது. கடன்சொல் எல்லாவற்றையும் விலக்கவும் வழியில்லை, ‘ரோட்டில்’ இரட்டிக்கிறதே!

தெரிந்த சொற்களை அகராதியில் இரண்டு வகுப்பாகப் பிரித்துவிட்டேன். அகராதியில் இல்லாத, நெடிலை அடுத்து ‘டு’வில் முடியும் சொற்களுக்கு இரண்டு பகுப்பையும் வெளியிட்டுத் தொகுப்பின் எண்ணிக்கையால் தேர்வதா, வேறு வழி உண்டா? இரட்டிக்காத கடன்சொற்களின் பட்டியல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள்.