“கழுத்தில் விழும் பொழுது”: இது நேரடிக் குறிப்பா?

காரைக்குடிக்காரன்:
இந்த வாரக் குறுக்கெழுத்தில் ‘கழுத்தில் விழும் பொழுது (2)’ என்று ஒரு குறிப்பு. இது இரட்டைப் பொருள் குறிப்பாம். கழுத்தில் விழுவது மாலை, அவ்வளவுதான், சுத்தமான நேரடிக் குறிப்பு. ‘பொழுது’ சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதை வைத்து இதை இரட்டை என்கிறார்கள்?

கோட்டையூர் ஆச்சி:
‘பொழுது’ என்பதை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். சிறுபொழுது ஆறில் மாலையும் ஒன்று. அப்புறம் ‘கழுத்தில் விழும்’ என்பதை மட்டும் பாருங்கள், பூமாலை. குறிப்பின் நடுவில் ஒரு கோடு போட்டு, எந்தப் பக்கத்தைக் கையால் மூடினாலும் மறுபக்கம் அதே விடைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு பக்கத்துப் பொருளும் வேறு வேறாக இருக்க வேண்டும், ஒரு சொல்கூட மிஞ்சக் கூடாது. இங்கே மூன்றும் பொருந்துகிறது. நேரடிக் குறிப்பில் அந்தக் கோட்டுக்கு இடமே கிடைக்காது. சேர்த்து வாசிக்கும்போது ‘விழுகிற நேரத்தில்’ என்று கேட்கிறதே, அது அமைத்தவர் வேண்டுமென்றே விரித்த வலை.

புதுவயல் தம்பி:
ஆச்சி சொல்வது சரி. இரண்டு துண்டு இருந்தால் இரட்டைதான். முன்பு ‘வைகை, காவிரி (2)’ என்று ஆறுக்கு வந்ததே, அதுவும் இதே வகை.

கோட்டையூர் ஆச்சி:
இல்லை தம்பி. வைகையும் காவிரியும் தண்ணீர் ஓடும் ஆறுதான், ஒரே பொருளுக்கு இரண்டு எடுத்துக்காட்டு. துண்டு இரண்டு, பொருள் ஒன்று, ஆகவே நேரடி. ‘ஐந்துக்கு அடுத்தது நதி (2)’ என்று கொடுத்திருந்தால் ஒரு பக்கம் எண், மறுபக்கம் நதி. அது இரட்டை.

காரைக்குடிக்காரன்:
பார்த்தீர்களா, நீங்களே ‘அடுத்தது’ என்று பெயராக எழுதுகிறீர்கள். ‘கழுத்தில் விழுவது’ என்று இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். ‘விழும்’ பெயரெச்சம், பின்னால் ஒரு பெயரைக் கேட்டு நிற்கிறது, அந்தப் பெயர் ‘பொழுது’. அவற்றுக்கு நடுவே எப்படிக் கோடு போடுவீர்கள்? ஆங்கிலத்தில் இந்த வகைக் குறிப்புகளுக்கு விதி சொன்ன க்ஸிமெனீஸ் 1966இல் புத்தகமே போட்டார். விளக்கத்தின் இலக்கணம் விடையோடு பொருந்த வேண்டும் என்பதில் அவர் கறார்.

கோட்டையூர் ஆச்சி:
க்ஸிமெனீஸ் தமிழ் இலக்கணம் படித்தவரில்லை. ‘விழும்’ வினைமுற்றாகவும் நிற்கும். ‘மழை பெய்யும்’, ‘மாலை கழுத்தில் விழும்’. செய்யும் என்னும் முற்றும் பெயரெச்சமும் ஒரே உருவம். அமைத்தவர் அந்த ஒற்றுமையைத்தான் பயன்படுத்தியிருக்கிறார். வாசிக்கும்போது எச்சம், உடைக்கும்போது முற்று.

பள்ளத்தூரார்:
நான் ‘தாலி’ என்று எழுதினேன். கழுத்துக்கு வருவது, இரண்டு எழுத்து. எங்கள் சங்க மலர் போட்டியிலும் இப்படித்தான் எனக்கு வர வேண்டிய பரிசு போனது. விடை ஒன்றுதான் என்று யார் முடிவு செய்வது?

கோட்டையூர் ஆச்சி:
தாலி கழுத்தில் ஏறும், மாலைதான் விழும். அதை விடுங்கள், தாலியில் ‘பொழுது’ எங்கே இருக்கிறது? ஒரு பாதி மட்டும் பொருந்தினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். குறுக்கே இறங்கும் ‘தலைவாசல்’ இரண்டாம் கட்டத்தில் ‘லை’ கொடுக்கிறது. வேலை, சேலை, சோலை, மாலை எல்லாம் நுழையும். இரண்டு பாதிக்கும் பொருந்துவது ஒன்றுதான்.

புதுவயல் தம்பி:
நம் பக்கம் தாலி என்று யார் சொல்கிறார்கள்? திருப்பூட்டுவது கழுத்துரு.

பள்ளத்தூரார்:
கழுத்துரு ஐந்து எழுத்து தம்பி. எண்ணத் தெரியாமல் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். அதில் கோத்திருப்பதும் தாலிதான்.

காரைக்குடிக்காரன்:
கல்யாணப் பேச்சு இருக்கட்டும். ‘விழும்’ பற்றிக் கேட்டதற்கு ஆச்சி இலக்கணத்தை வளைக்கிறார். போன பொங்கல் மலரில் ‘கண்ணாடி மாதம் (2)’ என்று ஆடிக்கு நான் எழுதிய குறிப்பை வெட்டியவரும் இவர்தான். கண்ணாடி ஒரு பொருள், மாதம் இன்னொரு பொருள். அதில் என்ன குறை?

கோட்டையூர் ஆச்சி:
‘கண்ணாடி’க்குள்ளேயே ‘ஆடி’ உட்கார்ந்திருக்கிறது. விடையைக் குறிப்பிலேயே எழுதி வைத்துவிட்டுத் தேடச் சொன்னால் எப்படி? ‘முகம் பார்க்கும் மாதம்’ என்று கொடுத்திருந்தால் வெட்டியிருக்க மாட்டேன்.

காரைக்குடிக்காரன்:
‘பார்க்கும்’! மறுபடியும் அதே எச்சம். ‘பார்ப்பது’ என்று எழுதுங்கள், ‘விழுவது’ என்று எழுதுங்கள். அதுவரை என் கணக்கில் அந்த மாலை நேரடிக் குறிப்புதான்.

கோட்டையூர் ஆச்சி:
‘விழுவது பொழுது’ என்று எழுதினால் கோடு எங்கே என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அவிழ்க்க என்ன இருக்கிறது?